பதில் வேண்டாத ஒரு கடிதம்

வாசகர் கேள்வி:

எனக்கு வயது 52. வெள்ளவத்தையில் இருக்கிறேன். 1992இல் ஒரு சஞ்சிகையின் பேனா நண்பர் பகுதியில் முகவரி பார்த்து, மலேசியாவில் ஈப்போவில் இருக்கும் ஒருத்திக்கு எழுதத் தொடங்கினேன். இதுவரை நேரில் கண்டதில்லை. 1996இல் மத்திய வங்கியில் குண்டு வெடித்தபோது எனக்குக் கோட்டையில் வேலை. என் கடிதம் போய்ச் சேருமுன்னே அவள் அடுத்தடுத்து மூன்று கடிதம் போட்டிருந்தாள். ஒன்றில் ஒரே ஒரு வரி: "பதில் வேண்டாம், நீ இருந்தால் போதும்."

போன மாதம் அவளுடைய கடைசிக் கடிதம் வந்தது. கணவருக்குப் பாரிசவாதம். தைப்பொங்கலோடு வீட்டைக் காலிசெய்து ஜொகூர் பாருவில் மகனோடு போய் இருக்கப் போகிறார்களாம். "உன் கடிதம் மேசையில் கிடப்பதைப் பார்த்தாலே குற்ற உணர்வாக இருக்கிறது. இனி எழுத மாட்டேன். நீயும் எழுதாதே. கோபிக்காதே" என்று முடித்திருக்கிறாள். புது முகவரி தரவில்லை. பிரதியை இத்துடன் அனுப்புகிறேன்.

"கண்ணால் காணாத ஆளுக்கா இந்த அழுகை?" என்கிறார் என் கணவர். மகள் அவளுடைய மகனை ஃபேஸ்புக்கில் தேடிப் பிடித்துவிட்டாள். அவனுக்குச் செய்தி அனுப்பவா? எழுதாதே என்றவளுக்குப் பதில் எழுதலாமா? பெட்டி நிறைய இருக்கும் கடிதங்களை என்ன செய்வது?

— வெள்ளவத்தை வாசகி

பதில்:

அன்பின் சகோதரிக்கு,

பிரதியை அனுப்பியது நல்லதாகப் போயிற்று. "இதுதான் கடைசிக் கடிதம்" என்று யாராவது எழுதினால், உளவளத்துணையில் இருக்கும் நாங்கள் முதலில் வேறொன்றைத்தான் பார்ப்போம். இவர் கடிதத்தொடர்பை முடிக்கிறாரா, அல்லது உயிரை முடித்துக்கொள்ள நினைக்கிறாரா என்று. இரண்டும் சில சமயம் ஒரே மாதிரியான சொற்களில் வரும். நான் எல்லோருக்கும் பாரம், நான் இல்லாவிட்டால் அவர்கள் நிம்மதியாக இருப்பார்கள் என்ற பேச்சு இருக்கிறதா, பிரியமான பொருட்களை ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டதாக எழுதியிருக்கிறாரா, நாளையைப் பற்றி ஒரு சொல்லாவது உண்டா என்று பார்ப்போம்.

உங்கள் தோழியின் கடிதத்தில் நாளை நிறையவே இருக்கிறது. கணவருக்குக் கிழமைக்கு இரண்டு நாள் இயன்மருத்துவம் என்கிறார். மகன் வீட்டில் தங்களுக்குக் கிடைக்கப்போகும் அறைக்குப் பின்பக்கம் வெயில் வரும் என்கிறார். மல்லிகைச் சட்டியை லொறியில் ஏற்ற விடுவார்களோ என்று கவலைப்படுகிறார். மல்லிகைச் சட்டியைப் பற்றிக் கவலைப்படுகிறவர் போகிற இடத்தில் வாழப் போகிறவர். அந்தப் பயத்தை நீங்கள் விட்டுவிடலாம். இந்த அடையாளங்கள் மறுபக்கம் திரும்பியிருந்தால் என் பதில் முழுக்க வேறாக இருந்திருக்கும். மகனை அன்றைக்கே ஃபேஸ்புக்கில் பிடித்து, "அம்மாவைத் தனியே விடாதீர்கள், உடனே கதையுங்கள்" என்று சொல்லச் சொல்லியிருப்பேன். அந்த இடத்தில் "எழுதாதே" என்ற சொல்லுக்கு மதிப்புக் கொடுத்துக்கொண்டிருக்கக் கூடாது.

இப்போது அந்தக் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்ட வரிக்கு வருகிறேன். மேசையில் கிடக்கும் கடிதத்தைப் பார்த்தாலே குற்ற உணர்வு என்ற வரி.

கடித நட்பில் ஒருவர் எழுதினால் மற்றவர் கடனாளி. பதில் போட்டவுடன் கடன் கைமாறும். காலமெல்லாம் இந்தக் கடன் இனிமையாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் திருப்பிக் கொடுக்க நேரமும் கையும் மனமும் இருக்கின்றன. பாரிசவாதம் வந்த ஒருவரை வீட்டில் வைத்துப் பார்க்கிறவருக்கு இந்த மூன்றும் ஒரேயடியாகப் போய்விடுகின்றன. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை படுக்கையில் புரட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வைக்கும். சாப்பாடு தொண்டையில் சிக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்ட வேண்டும். கழிவறைக்குக் கூட்டிப்போக வேண்டும். இரவிலும் விழிக்க வேண்டும். அப்படிப்பட்ட நாளில் இருபது நிமிடம் கிடைத்தால் மனிதர் நித்திரைதான் கொள்வார். அந்த இருபது நிமிடத்திலும் மேசையில் உங்கள் கையெழுத்து தெரிகிறது. நீங்கள் அன்பாகத்தான் எழுதியிருப்பீர்கள். ஆனால் எவ்வளவு அன்பாக எழுதினீர்களோ அவ்வளவுக்குக் கடன் கூடுகிறது.

அதனால்தான் அவர் எழுதாமலே விட்டுவிடவில்லை. பெரும்பாலான பேனா நட்புகள் அப்படித்தான் முடிகின்றன. கடிதங்களின் இடைவெளி கூடிக்கூடி ஒருநாள் நின்றுபோகும். யார் கடைசியாக எழுதியது என்றுகூட நினைவிருக்காது. உங்கள் தோழி, நித்திரைக்கு வைத்திருந்த நேரத்தை எடுத்து, இரண்டு தாள் எழுதி, காரணம் சொல்லி, முத்திரை ஒட்டி அனுப்பியிருக்கிறார். அவர் கழற்றி வைப்பது கடனைத்தான் என்று நான் வாசிக்கிறேன். புது முகவரி தராததற்கும் இதுவே காரணமாக இருக்கும். முகவரி கொடுத்தால் கடன் புது வீட்டுக்கும் பின்னால் வரும்.

இதை விளங்கிக்கொள்ளாமல் பதில் எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு ஒருவருடைய கதையைச் சொல்கிறேன். அவருடைய அனுமதியோடு, அடையாளங்களை மாற்றித்தான் சொல்கிறேன். கொட்டாஞ்சேனையில் இருக்கிறார், கந்தோர் வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர். தூத்துக்குடியில் ஒரு பேனா நண்பர், 20 வருடத்துக்கு மேற்பட்ட தொடர்பு. அந்த நண்பருக்கு நீரிழிவால் கண் மங்கிவிட்டது. மகள்தான் கடிதங்களை வாசித்துக் காட்ட வேண்டிய நிலை. "அவளுக்கு வேலையும் பிள்ளைகளும் இருக்கிறார்கள், இதோடு நிறுத்திக்கொள்வோம்" என்று எழுதிவிட்டார்.

நம்மவர் உடனே பதில் போட்டார். பெரிய எழுத்தில் எழுதுகிறேன் என்று ஒரு யோசனை. அதற்கு மறுப்பு வந்தது. குரலில் பதிந்து அனுப்புகிறேன் என்று அடுத்த யோசனை. அதற்கும் மறுப்பு. மாதம் ஒருமுறை தொலைபேசி எடுக்கிறேன் என்றார். பிறகு, பதில் போட வேண்டாம், நான் மட்டும் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றார். ஒவ்வொரு யோசனையும் உண்மையான அக்கறையில் வந்ததுதான். ஆனால் ஒவ்வொன்றும் அந்த மனிதரை இன்னொருமுறை "வேண்டாம்" என்று சொல்ல வைத்தது. ஒருதரம் சொல்லவே நெஞ்சு வலித்திருக்கும், நாலுதரம் சொல்ல வைத்துவிட்டார். கடைசியில் மகள் ஒரு வரி எழுதினாள், அப்பாவைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று. என்னிடம் வந்தபோது அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "அவன் எழுதின கடைசிக் கடிதத்தை என்னால் எடுத்து வாசிக்க ஏலாமல் இருக்கு. அதைப் பார்த்தால் நான் எழுதினதுகள்தான் ஞாபகம் வருது."

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில் இது: எழுதுங்கள், ஒரே ஒரு கடிதம், அதுவும் பதில் வேண்டாத கடிதம். எழுதாதே என்றவருக்கு ஏன் எழுதச் சொல்கிறேன் என்றால், கடிதத்தில் விடைபெற்றவருக்கு அது போய்ச் சேர்ந்ததா என்றே தெரியாது. நேரில் என்றால் முகத்தைப் பார்த்துக்கொள்ளலாம். இங்கே கடிதம் வழியில் தொலைந்ததோ, நீங்கள் நொந்துபோனீர்களோ, கோபித்துக்கொண்டீர்களோ என்ற யோசனையை மூட்டை முடிச்சுகளோடு சேர்த்து அவர் ஜொகூர் பாருவுக்குச் சுமந்துபோவார். கோபிக்காதே என்று வேறு கேட்டிருக்கிறார். அந்த வேண்டுதலுக்கு ஒரு விடை போக வேண்டும்.

சில நிலைமைகளில் இந்த ஒரு கடிதத்தையும் எழுத வேண்டாம் என்பேன். உங்கள் கடிதங்களை வீட்டில் வேறு யாரோ பிரித்துப் பார்த்துச் சண்டை வருகிறது என்று சாடையாகவாவது எழுதியிருந்தால், அல்லது நீங்கள் எழுதிய ஏதோ ஒன்று அவரை நோகடித்தது என்றிருந்தால், மௌனமாக இருப்பதுதான் மரியாதை. உங்கள் பிரதியில் அப்படி எதுவும் என் கண்ணில் படவில்லை.

ஆனால் அந்தக் கடிதத்தை இன்றைக்கே எழுத உட்கார வேண்டாம். இப்போது எழுதினால் உங்கள் அழுகைதான் அதில் போகும். முதலில் அந்த அழுகைக்கு ஓர் இடம் வேண்டும்.

கென்னத் டோகா என்ற அமெரிக்க ஆய்வாளர் 1989இல் இப்படிப்பட்ட துயரத்துக்கு ஒரு பெயர் வைத்தார். தமிழில் உரிமை மறுக்கப்பட்ட துயரம் என்று சொல்லலாம். இழப்பு உண்மையானது, ஆனால் சுற்றியிருப்பவர்கள் அதை இழப்பாக எடுப்பதில்லை. நம் வீடுகளில் ஒரு சாவு என்றால் எட்டுச்செலவு இருக்கிறது, அந்தியேட்டி இருக்கிறது, வந்து பக்கத்தில் இருக்க ஆட்கள் இருக்கிறார்கள், கந்தோரில் லீவு தருகிறார்கள். உங்கள் தோழி நல்லபடியாக உயிரோடு இருக்கிறார், இருக்கவும் வேண்டும். அதனால் உங்களுக்கு இவை ஒன்றும் கிடையாது. 30 வருடத்துக்கு மேலாக உங்கள் வாழ்க்கையைக் கேட்டுக்கொண்டிருந்த ஒருவர் நின்றுபோனதை, மீன்குழம்பு கொதிக்கும்போது அடுப்படியில் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் அழ வேண்டியிருக்கிறது.

உங்கள் கணவரைப் பற்றி ஒரு சொல். அவர் கல்நெஞ்சக்காரர் என்று நான் எடுக்கவில்லை. அவருக்கு அந்தப் பெண் இத்தனை வருடமும் வெளிநாட்டு முத்திரை ஒட்டிய ஓர் உறையாக மட்டுமே தெரிந்திருக்கிறார். காணாத ஆள் என்று அவர் சொல்வது அவரளவில் உண்மை. உங்களுக்கு அவர் காணாத ஆளில்லை என்பதைக் கணவருக்கு வாதாடி விளங்கவைக்க முடியாது. ஒரு பின்னேரம், தேத்தண்ணீரோடு, பழைய கடிதம் ஒன்றை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். ஒன்றே போதும். பொதுவான ஒரு கடிதத்தை எடுக்காமல், அவரும் நீங்களும் சேர்ந்து பட்ட ஒரு கஷ்டத்துக்குத் தோழி எழுதிய பதிலை எடுங்கள். பிள்ளை காய்ச்சலில் கிடந்தபோதோ, வீட்டுக்காரர் வாடகை ஏற்றியபோதோ வந்த கடிதம். தன்னுடைய வாழ்க்கையும் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருந்தது என்று கேட்கும்போது அவருக்கு வேறுவிதமாகப் படக்கூடும். படாவிட்டாலும், "அழாதே என்று மட்டும் சொல்லாதீங்கோ" என்று நேரே கேட்டுக்கொள்ளலாம்.

அப்புறம், நாலு நாள் எழுத்து. 1986இல் ஜேம்ஸ் பென்னபேக்கர் என்ற உளவியலாளர் பல்கலைக்கழக மாணவர்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார். அடுத்தடுத்து நாலு நாள், நாளுக்கு 15 நிமிடம், தங்களைப் பாதித்த நிகழ்வொன்றை எழுத வைத்தார். பிறகு வந்த மாதங்களில், அந்த நிகழ்வையும் அதனால் வந்த உணர்ச்சியையும் சேர்த்து எழுதியவர்கள் மருத்துவரிடம் போன தடவைகள், சாதாரண விடயங்களை எழுதியவர்களை விடக் குறைவாக இருந்தன. பிற்பாடு பலர் செய்த ஆய்வுகளில் பலன் சிலருக்குத் தெரிந்தது, சிலருக்குத் தெரியவில்லை. இதை நான் மருந்தாகச் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்லக் காரணம், நீங்கள் எழுதியே பழகியவர். உங்கள் மனம் தாளில்தான் கதைக்கும்.

செய்கிற விதம் இப்படி. கதவைச் சாத்திக்கொண்டு 15 நிமிடம். தோழிக்கே எழுதுவது போல எழுதலாம். ஏன் என்னைக் கேட்காமல் முடிவெடுத்தாய், புது முகவரியை மறைத்தாயே, ஒருதரம் கொழும்புக்கு வந்து போயிருக்கலாமே என்று கோபத்தைக்கூட எழுதலாம். எழுத்துப்பிழை பார்க்க வேண்டாம். முடிந்ததும் மடித்து வைத்துவிடுங்கள், திருப்பி வாசிக்க வேண்டாம். எழுதி முடித்த கையோடு மனம் இன்னும் கனமாக இருக்கும், அது வழமை, ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் இறங்கும். இறங்காமல் அடுத்த நாளும் வேலை செய்ய முடியாதபடி இருந்தால் அதோடு நிறுத்திவிடுங்கள். இந்தத் தாள்கள் தபாலுக்குப் போகிறவை அல்ல. நாலாம் நாளுக்குப் பிறகு ஒரு கிழமை சும்மா விடுங்கள்.

அதற்குப் பிறகு எழுதுவதுதான் பதில். ஒரு தாள், அதிலும் ஒரு பக்கம். எழுதி முடித்ததும் பேனையை எடுத்துக்கொண்டு கேள்விக்குறிகளைத் தேடுங்கள். ஒன்றுகூட இருக்கக் கூடாது. "அவருக்கு இப்போது எப்படி?" என்பது சாதாரண விசாரிப்புத்தான், ஆனால் அது ஒரு கடன். "அவர் குணமடைய வேண்டிக்கொள்கிறேன்" என்பது கடனில்லை. அடுத்தது "நேரம் கிடைத்தால் ஒரு வரி", "எப்போதாவது மனம் மாறினால்" போன்ற வரிகளைத் தேடுங்கள். பார்க்கச் சிறியவை, ஆனால் மீன் தூண்டில் முள்ளைப் போல உள்ளே போய் மாட்டிக்கொள்ளும். உங்களுக்கே ஏதாவது வருத்தமோ மருத்துவப் பரிசோதனையோ இருந்தால் அதையும் இதில் எழுத வேண்டாம், முடிவு தெரியாமல் அவர் தவிப்பார். அன்பளிப்பு அனுப்ப ஆசையாக இருக்கும். சேலையோ தேயிலைப் பொதியோ போனால் அதற்கும் நன்றி சொல்ல வேண்டி வரும். வேண்டாம்.

அப்படியானால் எழுத என்ன மிஞ்சுகிறது என்று கேட்பீர்கள். கிடைத்தது என்ற செய்தி, கோபமில்லை என்ற சொல், அவரிடமிருந்து நீங்கள் பெற்ற ஏதோ ஒன்றைப் பெயர் சொல்லி எழுதுவது, பிறகு விடுவிப்பது. இதில் மூன்றாவதுதான் கடிதத்தின் உயிர். "நீ எனக்கு எல்லாமுமாக இருந்தாய்" என்று எழுதினால் அது யாருக்கும் எழுதக்கூடிய வரி. உங்கள் கேள்வியிலேயே அதைவிட நல்லது இருக்கிறது, நீங்கள் கவனித்தீர்களோ தெரியவில்லை. 1996 ஜனவரி 31 குண்டுவெடிப்புக்குப் பிறகு அவர் எழுதிய அந்த ஒரே வரி. பதில் வேண்டாத கடிதம் எப்படி இருக்கும் என்று உங்கள் தோழி அன்றைக்கே எழுதிக் காட்டியிருக்கிறார். அதை அவரிடமே திருப்பிக் கொடுக்கலாம். நான் எழுதிப் பார்த்தது இது. உங்கள் கைக்கும் உங்கள் பேச்சுக்கும் ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்:

"அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மூன்று தரம் வாசித்தேன். எனக்குக் கோபம் ஒரு துளியும் இல்லை. அழுதேன், அதை உன்னிடம் மறைக்கத் தெரியவில்லை. காரணம் எனக்கு விளங்குகிறது.

குண்டு வெடித்த அந்தக் கிழமை நான் வீட்டை விட்டு வெளிக்கிடப் பயந்து கிடந்தேன். உன் கடிதங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. நடுவில் வந்ததில் ஒரே ஒரு வரி இருந்தது. 'பதில் வேண்டாம், நீ இருந்தால் போதும்.' அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். அன்றைக்கு அதை வாசித்துவிட்டுத்தான் திரும்ப வேலைக்குப் போனேன்.

இன்றைக்கு அதே வரி என்னிடமிருந்து உனக்கு. பதில் வேண்டாம், நீ இருந்தால் போதும். நீ எனக்கு எழுத வேண்டியது ஒன்றும் பாக்கி இல்லை. மேசையில் கிடக்கும் என் பழைய கடிதங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அவர் குணமடைய வேண்டிக்கொள்கிறேன். மல்லிகை புது இடத்தில் வேர்பிடிக்கட்டும்.

என்றும் உன்."

இவ்வளவுதான். இதைவிட நீளமாக எழுத வேண்டும் போல இருந்தால் நாலு நாள் எழுத்துக்குத் திரும்பிப் போங்கள். கொட்டாஞ்சேனைக்காரரும் கடைசியில் இப்படி நாலு வரியை ஓர் அஞ்சலட்டையில் எழுதிப் போட்டார், ஒன்றரை வருடம் கழித்து. அதற்குப் பதில் வரவில்லை. அந்தப் பழைய கடிதத்தை மட்டும் எடுத்து வாசிக்க முடிந்தது என்றார்.

ஃபேஸ்புக் விடயத்தில் உங்கள் மகளுக்கு நான் நன்றி சொல்கிறேன். அம்மாவின் கண்ணீரைப் பார்த்துத் தன்னால் இயன்றதைச் செய்திருக்கிறாள். ஆனாலும் செய்தி அனுப்ப வேண்டாம். உங்கள் நட்பு இருவர் கைக்குள் இருந்தது. மகனுக்குச் செய்தி போனால் தோழி அவனுக்கு விளக்கம் சொல்ல வேண்டும், அதுவும் அவனை நம்பி அவன் வீட்டுக்குப் போகிற நேரத்தில். இன்னொன்றும் இருக்கிறது. நீங்கள் அவனுடைய பக்கத்தைப் பார்க்கத் தொடங்கினால் அவர்கள் புது வீடு, பிறந்தநாள், மருத்துவமனைப் படம் எல்லாம் உங்கள் கண்ணில் படும். அவர் உங்களுக்குச் சொல்லாத வாழ்க்கையை மறைந்து நின்று பார்க்கிற மாதிரி ஆகிவிடும். மகளிடம் சொல்லி அந்தப் பெயரைத் தேடலிலிருந்து அழித்துவிடச் சொல்லுங்கள்.

கடிதப் பெட்டியைப் பற்றி இப்போது முடிவெடுக்க வேண்டாம். ஒரு வருடம் போகட்டும். எரிப்பது, திருப்பி அனுப்புவது எல்லாம் மீட்க முடியாத முடிவுகள். ஆனால் வெள்ளவத்தைக் கடற்காற்றில் ஒரு வருடம் சும்மா வைத்தாலும் தாள் கெட்டுவிடும், அதனால் சில வேலைகளை மட்டும் செய்துவையுங்கள். குண்டூசி, கிளிப் எல்லாவற்றையும் கழற்றுங்கள், உப்புக்காற்றுக்கு முதலில் துருப்பிடிப்பது அவைதான், துரு தாளைத் தின்னும். றப்பர் வளையம் போட்டிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள், உருகி ஒட்டிக்கொள்ளும். நீல நிற விமானக் கடிதங்கள் மெல்லிய தாள், மடிப்பில்தான் கிழியும், ஆகவே விரித்து வையுங்கள். கிழிந்ததை ஒட்டுநாடாவால் ஒட்ட வேண்டாம், சில வருடத்தில் மஞ்சள் கறையாகிவிடும். லமினேட் செய்யவும் வேண்டாம். இராமபாணப் பூச்சி ஏறாத, இறுக மூடும் பெட்டியில் சிலிக்கா பைகள் இரண்டு மூன்று போட்டு, கடற்பக்கச் சுவரை ஒட்டாமல், தரையிலும் வைக்காமல் அலுமாரியில் வைத்தால் போதும். அந்த 1996ஆம் வருடக் கடிதத்தை மட்டும் தனியே ஓர் உறையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வரும் என்று எனக்குத் தெரியும். நீண்ட நாள் கடிதம் எழுதியவர்கள் பகலெல்லாம் சேர்த்துக்கொண்டே இருப்பார்கள். 155 பஸ்ஸில் ஒரு கிழவி சொன்னது, சந்தையில் கீரைக்காரி கோபித்தது, மழையில் நனைந்த தபால்காரர், எல்லாவற்றையும் "இதை அவளுக்கு எழுத வேண்டும்" என்று மனம் எடுத்து வைக்கும். கடிதம் நின்ற பிறகும் மனம் சேர்ப்பதை நிறுத்தாது, கொட்டத்தான் இடம் இருக்காது. துயரம் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் வந்து குத்தும். ஒரு சின்னக் கொப்பி வாங்கி அவற்றை அதில் எழுதிப் போடுங்கள், தோழியை விளிக்காமல், திகதி போட்டு, வெறும் குறிப்பாக. சில மாதத்தில் சேர்ப்பது தானாகக் குறையும், அல்லது கொப்பிக்கே பழகிவிடும். உடனே இன்னொரு பேனா நண்பரைத் தேட வேண்டாம். புதிதாக வருகிறவரிடம் நீங்கள் ஈப்போவைத்தான் தேடுவீர்கள், அது அவருக்கும் அநியாயம்.

இரண்டு மூன்று மாதம் போயும் நித்திரை வராமல், சாப்பாடு இறங்காமல், எதிலும் மனம் ஒட்டாமல் இருந்தால் உங்கள் குடும்ப வைத்தியரிடம் சொல்லுங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம். தாங்க முடியாது என்று தோன்றும் இரவு ஒன்று வந்தால் இரண்டு மாதம் காத்திருக்காமல் அன்றைக்கே அழையுங்கள்.

கடைசியாகத் தபால். பதிவுத் தபாலில் போட்டால் போய்ச் சேர்ந்ததை அறியலாம் என்று நினைப்பீர்கள். ஆனால் அவர் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். தபால்காரர் வரும் நேரம் கணவரை வைத்தியரிடம் கூட்டிப்போயிருந்தால் தபால் கந்தோருக்கு அலைய வேண்டி வரும். சாதாரண விமானத் தபால் போதும். உறையின் பின்பக்கத்தில் உங்கள் முகவரியை எப்போதும் போல எழுதுங்கள், அதைப் பற்றி உள்ளே ஒன்றும் சொல்லாமல். டிசம்பரில் நத்தார் நெரிசலில் கடிதங்கள் பிந்தும், பொங்கலுக்கு அவர்கள் வீட்டைக் காலிசெய்துவிடுவார்கள். நவம்பர் முடியுமுன் வெள்ளவத்தைத் தபால் கந்தோரில் நேரே முகப்பில் கொடுத்து, உங்கள் கண்முன்னே முத்திரை குத்த வைத்துவிட்டு வாருங்கள்.